‘ப்யூர் சில்க் காட்டன்’ என்று போடுவதற்கு முன்னால்

ஆன்லைனில் சேலை விற்கும் சிலருக்கு, சரக்கைச் சோதித்து கேப்ஷன் எழுதிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. முன்பு துணிப் பரிசோதனைக் கூடத்தில் இருந்ததால், ஒரு சேலையைப் பார்த்தால் முதலில் ஓரத்தில் நூலை உருவத்தான் கை போகும். போன மாதம் ஒரு பெண் சிறுமுகைப் பக்கமிருந்து எடுத்த சில்க் காட்டன் சேலை ஒன்றை அனுப்பியிருந்தார். கடுகு மஞ்சள் உடல், மெரூன் கரை, முந்தியில் பச்சைப் புட்டா. அதற்கு அவர் எழுதி வைத்திருந்த கேப்ஷன் இது:

“ப்யூர் ஹேண்ட்லூம் சில்க் காட்டன். கோல்டு ஜரி பார்டர். சூப்பர் ப்ரீமியம் குவாலிட்டி, கலர் கேரண்டி. ட்ரை வாஷ் ஒன்லி.”

நீங்களும் இதையே நூறு இடத்தில் பார்த்திருப்பீர்கள். விற்பவர் பொய் சொல்லவில்லை, மொத்த வியாபாரி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார். ஆனால் சேலை வாங்கியவர் வீட்டில் கறுத்துப்போனாலோ சாயம் இறங்கினாலோ பதில் சொல்லப்போவது மொத்த வியாபாரி இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளைப் பற்றிய தவறான விவரிப்பும் தவறாக வழிநடத்தும் விளம்பரம்தான், அதை நீங்கள் போனிலேயே டைப் செய்திருந்தாலும்.

சரி, அந்தக் கேப்ஷனை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்ப்போம்.

‘ப்யூர் சில்க் காட்டன்’ என்பது எதையுமே சொல்லவில்லை. இரண்டு இழை கலந்த துணியில் எது ப்யூர்? வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது எந்த இழை எங்கே இருக்கிறது என்பதுதான். பெரும்பாலான சில்க் காட்டன் சேலைகளில் பாவு பட்டு, ஊடை பருத்தி. பெரும்பாலும் அப்படி என்பதற்காக உங்கள் கையில் இருப்பதும் அப்படித்தான் என்று எழுதிவிட முடியாது, பார்க்க வேண்டும். பிளவுஸ் துண்டின் வெட்டு ஓரத்துக்குப் போங்கள். சேலையின் நீளவாக்கில் ஓடி அந்த ஓரத்தில் நுனி நீட்டிக்கொண்டிருப்பது பாவு நூல், வெட்டுக்கு இணையாக அகலத்தில் ஓடுவது ஊடை. இரண்டிலும் நாலைந்து இழை உருவி, தனித்தனியாக இடுக்கியில் பிடித்து, ஒரு பழைய தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பட்டு மெதுவாக எரியும், முடி கருகிய நாற்றம் வரும், மிஞ்சும் கரி விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். பருத்தி காகிதம் மாதிரி சட்டென்று எரிந்து லேசான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டு நிற்கும், நசுங்காது.

இதில் ஒரு ஓட்டை உண்டு. விஸ்கோஸ் இழையும் பருத்தி மாதிரியேதான் எரியும், நாற்றத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்குத் தண்ணீர் போதும். இழையை நனைத்து இழுத்துப் பாருங்கள். ஈரத்தில் பருத்தி உறுதியாகும், விஸ்கோஸ் தளர்ந்து சுலபமாக அறுந்துவிடும். காய்ந்த இழையையும் பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே தெரியும். பளபளப்பாக இருக்கும், ‘ஆர்ட் சில்க்’ என்று பில்லில் இருக்கும், எரித்தால் காகித வாசனை வரும் என்றால் அது பட்டு இல்லை.

அந்தச் சேலையில் பாவு பட்டுதான், ஊடை பருத்திதான். ஆனால் முந்தியில் இருந்த பச்சைப் புட்டா நூல் உருகி மணியாகிவிட்டது. பாலியஸ்டர். இதில் குற்றம் ஒன்றும் இல்லை, புட்டாவுக்கு அந்த நூல் போடுவது வழக்கம்தான். எழுதாமல் விடுவதுதான் தவறு. அயர்ன் சூட்டைத் தாங்காத நூல் எங்கே இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாமலே போய்விடும்.

அடுத்து ‘கோல்டு ஜரி’. நிறத்தைச் சொல்கிறார் என்று விற்பவர் நினைக்கிறார், வாங்குகிறவர் தங்கம் என்று படிக்கிறார். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அடுத்தது செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் ஏற்றியது. கடைக்காரர்கள் அதை ஹாஃப் ஃபைன் என்றோ டெஸ்டட் என்றோ சொல்வார்கள். மூன்றாவது உலோகப் பூச்சுப் போட்ட பிளாஸ்டிக் படலத்தை மெல்லிய நாடாவாக வெட்டியது. ஒரு ஜரிகை இழையை உருவி நகத்தால் சுற்றைப் பிரித்து, மேல் பூச்சு முழுவதும் போகும்வரை ஊசியால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் வெள்ளி, செம்பு நிறம் தெரிந்தால் செம்பு. உள்ளே இருக்கும் நூலுக்கும் சிவப்புச் சாயம் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துச் செம்பு என்று முடிவு கட்டாதீர்கள், கம்பியைத்தான் பார்க்க வேண்டும். படல ஜரிகை நெருப்பைக் காட்டியதும் சுருண்டு உருகும். வெள்ளி எத்தனை சதவீதம் என்பது சுரண்டித் தெரியாது, அதற்கு எக்ஸ்ரே இயந்திரம் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். அந்த ரிப்போர்ட் கையில் இல்லாமல் சதவீதம் எழுதாதீர்கள். இந்தச் சேலையில் இருந்தது செம்பு.

‘ஹேண்ட்லூம்’ என்ற சொல்தான் எனக்கு எப்போதும் கஷ்டமானது. கரையோரம் சின்ன ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று நிறைய வீடியோ சொல்லும். அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் ஊசிக் குச்சி போட்ட தடம் அது. விசைத்தறியிலும் அதே வேலையைச் செய்யும் உருளை உண்டு, அதுவும் தடம் விடும். ஓரத்தில் நூல் வெட்டுப்பட்டுக் குஞ்சமாக நின்றால், ஊடை நூலைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் நாடா இல்லாத இயந்திரத் தறி என்று சந்தேகப்படலாம். ஓரம் ஒழுங்காக மடங்கி வந்திருந்தால் கைத்தறி என்று சொல்லிவிட முடியாது, நாடா ஓடும் விசைத்தறியிலும் அப்படித்தான் வரும். பூதக்கண்ணாடி வைத்து மூன்று இடத்தில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்று எண்ணினால், கைத்தறியில் கொஞ்சம் கூடக்குறைய வரும். அதுவும் சாட்சி இல்லை, சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். தறியைப் பார்த்தவர், கூட்டுறவுச் சங்கத்தின் பில், சேலையில் ஒட்டிய ஹேண்ட்லூம் மார்க், இந்த மூன்றில் ஒன்று இருந்தால் கைத்தறி என்று எழுதுங்கள். எதுவுமே இல்லையென்றால் ‘கைத்தறி என்று சொல்லி வாங்கியது’ என்று எழுத மனசு வராது, தெரியும். அப்போது அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள். இங்கேயே இன்னொன்று: சில்க் மார்க் பட்டு இழையைப் பற்றிப் பேசுகிறது, தறியைப் பற்றியோ ஜரிகையைப் பற்றியோ பேசவில்லை. ஹேண்ட்லூம் மார்க் தறியைப் பற்றிப் பேசுகிறது, பட்டுக்கு அது ஜவாப்தாரி இல்லை.

‘சின்னக் குறைகள் கைத்தறியின் அழகு’ என்று ஒரு வரி எல்லோரும் போடுகிறார்கள். நூலில் ஒரு முடிச்சு, கொஞ்சம் தடித்த இழை, நெருக்கம் மாறிய ஒரு பட்டை, இதற்கெல்லாம் சரி. அறுந்துபோன பாவு இழை, துளை, எண்ணெய்க் கறை இவற்றுக்கும் அதே வரியைப் போர்த்துவது நியாயமில்லை. அவற்றைப் போட்டோ எடுத்துப் போட்டு விலையைக் குறையுங்கள், வாங்க ஆள் இருக்கிறார்கள்.

இப்போது பராமரிப்பு. ‘ட்ரை வாஷ் ஒன்லி’ பெரும்பாலும் விற்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போடுவது. சேலை விலையில் பாதி ட்ரை வாஷுக்கே போகும் என்றால் வாங்கியவர் எப்படியும் ஒரு நாள் பக்கெட்டில்தான் போடுவார், அதுவும் எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லாமல். அதனால் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பிளவுஸ் துண்டைத் தியாகம் செய்யச் சொல்வேன். அதில் 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைக் குறித்தோம். கரையும் உடலும் சேரும் இடத்தில் சின்னத் துண்டு வெட்டி, வெள்ளைப் பருத்தித் துணிகளுக்கு நடுவில் வைத்துத் தைத்தோம். இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில், துளி ஷாம்பு விட்டு, அரை மணி நேரம் ஊற வைத்து, அலசி, பிழியாமல் நிழலில் காய வைத்தோம்.

சதுரம் பாவுவாக்கில் 19.6, ஊடைவாக்கில் 19.2 சென்டிமீட்டர் ஆகியிருந்தது. நீளத்தில் 2 சதவீதம், அகலத்தில் 4 சதவீதம். பருத்தி அகலவாக்கில் ஓடுவதால் அந்தப் பக்கம்தான் அதிகம் சுருங்கியது. 47 அங்குல அகலச் சேலையில் கிட்டத்தட்ட 2 அங்குலம். உயரமான பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை, கட்டினால் கணுக்கால் தெரியும்.

வெள்ளைத் துணியில் மெரூன் லேசாக இறங்கியிருந்தது. எல்லோரும் எழுதும் ‘தனியாகத் துவைக்கவும்’ இங்கே உதவாது, ஏனென்றால் சாயம் விடும் கரையும் அதை வாங்கிக்கொள்ளும் மஞ்சள் உடலும் ஒரே சேலையில் இருக்கின்றன. கல் உப்புப் போட்டு ஊற வைத்தால் நிற்கும் என்பார்கள். சாயப் பட்டறையில் உப்பு சாயத்தை நூலுக்குள் ஏற்ற உதவும், வீட்டு பக்கெட்டில் அது ஒட்டாத சாயத்தைப் பூட்டி வைக்காது, ஊற வைக்கும் நேரம்தான் கேடு. ஆகவே இந்தச் சேலைக்கு முதல் சில தடவை ட்ரை வாஷ் என்று எழுதுவதற்கு உண்மையிலேயே காரணம் இருந்தது. ‘கலர் கேரண்டி’யை அடித்துவிட்டோம். அதே லாட்டில் ஒரே நிற உடலும் கரையுமாக இருந்த சேலைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை, கை வாஷ் என்றே போட்டோம்.

கடைசியில் போன கேப்ஷன்:

“சில்க் காட்டன் சேலை, கைத்தறி (சங்க பில் உண்டு). பாவு பட்டு, ஊடை பருத்தி. முந்திப் புட்டா பாலியஸ்டர் நூல். கரையில் ஹாஃப் ஃபைன் ஜரிகை: செம்புக் கம்பி, வெள்ளி முலாம், தங்கம் இல்லை, நாளாவட்டத்தில் மங்கும். சேலை 5.5 மீட்டர், பிளவுஸ் 80 சென்டிமீட்டர், அகலம் 47 அங்குலம். தண்ணீரில் துவைத்தால் அகலத்தில் 2 அங்குலம் வரை சுருங்கலாம். மெரூன் கரை சாயம் விடும், முதல் மூன்று தடவை ட்ரை வாஷ். பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஷாம்பு, ஊற வைக்காமல், பிழியாமல், நிழலில். சலவைத்தூள், ப்ளீச் வேண்டாம், பட்டு கெடும். மிதமான சூட்டில் உள்பக்கமாக அயர்ன். ஜரிகை மேல் சென்ட் அடிக்காதீர்கள். முந்தியில் இரண்டு இடத்தில் நூல் முடிச்சு உண்டு, நாலாவது போட்டோ பாருங்கள்.”

நீளம்தான். அந்தப் பெண்ணும் “இவ்வளவு எழுதினால் யார்க்கா படிப்பாங்க?” என்றுதான் கேட்டார். முதல் இரண்டு வரியில் இழையும் ஜரிகையும் வந்துவிட வேண்டும், மீதியை ‘மேலும்’ அழுத்துகிறவர் படிப்பார். வாங்க முடிவு செய்தவர் கட்டாயம் அழுத்துவார். அதோடு துவைக்கும் முறையை மட்டும் ஒரு சீட்டில் அச்சடித்துச் சேலை மடிப்புக்குள் வைத்து அனுப்பச் சொன்னேன், துவைக்கிற நாளில் யாரும் பழைய போஸ்ட்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். அடுத்த லாட் வரும்போது இந்த வரிகளை அப்படியே காப்பி எடுக்கக்கூடாது. அதே நெசவாளர், அதே டிசைனாக இருந்தாலும் சாயம் வேறு பட்டறையில் போட்டிருக்கலாம், இன்னொரு பிளவுஸ் துண்டு போகட்டும்.