மாட்டின் வயிற்றில் பொங்கும் நுரை

காலபோக மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாட்களில் வன்னியில் உளுந்தும் பயறும் கௌப்பியும் தளதளவென்று நிற்கும். வேலி ஓரிடத்தில் சரிந்தால் போதும், பட்டி மாடுகள் காலை ஈரத்தோடே உள்ளே இறங்கிவிடும். பயிர் போன கோபத்தில் மாட்டை விரட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அடுத்த சில மணித்தியாலங்களுக்கு அந்த மாடுகள் கண்பார்வையில் இருக்கவேண்டும்.

மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தீனியை நொதிக்க வைக்கும்போது ஓயாமல் வாயு உண்டாகும். பெரிய கறவைப் பசுவில், தீனி தின்ற பிறகு, மணிக்கு 30 லீற்றருக்கு மேலும் வரும். அதில் பெரும்பகுதி கரியமில வாயுவும் மெதேனும். வழக்கமாக அது இரைப்பையின் மேற்பகுதியில் சேர்ந்து ஏப்பமாக வெளியேறிவிடும்.

இளம் அவரைக் குடும்பப் பயிர்களில் நீரில் கரையும் புரதம் அதிகம். இலையின் உயிரணுக்களும் எளிதில் உடையும். ஈரமான தளிரை மாடு சரியாக மெல்லாமல் அவசரமாக விழுங்கும்போது அந்தப் புரதம் ஒரேயடியாக இரைப்பைச் சாற்றில் கலக்கிறது. அப்புறம் எழும் ஒவ்வொரு வாயுக் குமிழையும் அது வழுவழுப்பான தோலாகச் சுற்றிக்கொள்ள, உள்ளே இருப்பதெல்லாம் நுரையாகிவிடுகிறது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் வாயிலை நுரையோ நீரோ மூடியிருந்தால், அது திறக்காது. நுரை மூச்சுக்குழாய்க்குள் போகாமல் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம் அது. ஆனால் ஏப்பமும் நின்றுவிடுகிறது. வாயு மட்டும் ஊறிக்கொண்டே இருக்கும். இரைப்பை வீங்கி நுரையீரலையும் இதயத்துக்குத் திரும்பும் பெரிய இரத்தக்குழாயையும் நெருக்கும். மாடு சாவது மூச்சு முட்டித்தான்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பசு காலை 7 மணிக்குக் கௌப்பித் தோட்டத்தில் மேய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 8 மணியளவில் அது மேய்வதை நிறுத்திவிட்டு, அசைபோடாமல் ஒதுங்கி நிற்கும். பின்னால் நின்று பாருங்கள். இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சாதாரணமாக ஒரு பள்ளம் தெரியும். முதலில் அந்தப் பள்ளம் நிரம்பும், பிறகு முதுகுக் கோட்டுக்கு மேலேயே மேடு தட்டும். படுத்துப் படுத்து எழும்பும், வயிற்றைக் காலால் உதைக்கும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாணி போடும். வலப்பக்கமும் ஊதி, நாக்கை நீட்டி வாயால் மூச்சுவிடத் தொடங்கினால் இனி மிச்சமிருப்பது நிமிடங்கள்தான்.

பள்ளம் நிரம்பியதைக் கண்டவுடனேயே மிருக வைத்தியருக்கு அழையுங்கள். என்ன தின்றது, எப்போது தின்றது, மூச்சு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் சொல்லுங்கள். கூட மேய்ந்த மற்ற மாடுகளையும் உடனே வெளியே எடுங்கள். ஊதிய மாட்டைப் படுக்கவிடாமல், முன்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். வயிறு பின்னுக்குச் சரிந்து நெஞ்சுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

பிறகு எண்ணெய். பொங்கிவரும் சோற்றுப்பானையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரைப்பையிலும் அதேதான் நடக்கிறது: எண்ணெய் குமிழின் தோலை உடைக்கிறது, சிதறிக்கிடந்த வாயு ஒன்றுசேர்ந்து மேலே வருகிறது. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ, வளர்ந்த நாட்டு மாட்டுக்கு 250 மில்லிலீற்றர் போதும், பெரிய கலப்பினப் பசுவுக்கு 500 வரை கொடுக்கலாம். பிளாஸ்டிக் போத்தலால் கடைவாய் ஓரமாக மெல்ல மெல்ல விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடிக்கவே கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தவிடுங்கள். தள்ளாடுகிற, விழுந்துகிடக்கிற மாட்டுக்கு வாயால் ஒன்றும் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய், என்ஜின் ஒயில் எக்காரணம் கொண்டும் வேண்டாம். எண்ணெய் உள்ளே போனதும், மூச்சுத்திணறல் இல்லாவிட்டால், மெதுவாக நடத்துங்கள். ஏப்பம் வந்து பள்ளம் இளகினால் நுரை உடைகிறது. அப்போதும் வைத்தியர் பார்க்கட்டும், மறுபடி ஊதுவதுண்டு.

எல்லா ஊதலும் நுரையால் வருவதில்லை. பனம்பழம் தின்ற மாட்டுக்குத் தொண்டையில் கொட்டை சிக்கினாலும் வயிறு ஊதும். அப்போது வாய்நீர் ஒழுகும், கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும், குடித்த தண்ணீர் மூக்கால் திரும்பி வரலாம். இந்த மாட்டுக்கு எண்ணெய் விடுவது ஆபத்து, கொட்டையைக் கம்பால் குத்தித் தள்ளுவதும் ஆபத்து. வைத்தியர் வந்து எடுக்கட்டும்.

வயிற்றில் கத்தியால் குத்தும் வழக்கத்தையும் சொல்லவேண்டும். வாயு தனியாகச் சேர்ந்திருந்தால் ஊசித்துளை வழியே அது சீறி வெளியேறும். நுரையோ அந்தத் துளையை அடைத்துக்கொள்ளும், வீக்கம் வடியாது. உள்ளேயிருப்பது வயிற்றறைக்குள் கசிந்தால், அன்று தப்பிய மாடு சில நாளில் சீழ்பிடித்துச் சாகலாம். மாடு விழுந்து, வைத்தியர் வந்துசேர வழியே இல்லாத கடைசிக் கட்டத்தில் மட்டும், அவர் தொலைபேசியில் இடம் காட்டிச் சொன்னால் இடப்பக்கத்தில் செய்யலாம்.

மறுநாள் அதே மாடுகளைத் திறக்குமுன் வைக்கோல் போடுங்கள். பசி அடங்கிய மாடு தளிரை அள்ளி விழுங்காது, வைக்கோலை மெல்லும்போது ஊறும் உமிழ்நீரும் நுரையைக் குறைக்கும். ஈரம் காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள், வேலியையும் அதற்குள் கட்டிவிடுங்கள்.