பருமன் ஒன்று, கடுமை ஊருக்கு ஒன்று

ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் தேதியும், 2004 சுனாமியை நினைவுகூரும்போது, தொலைக்காட்சியில் அந்த வரி வந்துவிடும்: “ரிக்டர் அளவுகோலில் 9.1 தீவிரத்துடன் தாக்கிய நிலநடுக்கம்.” போன முறை அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் சித்தப்பா, “இன்னொரு சேனல்ல 8.9னு சொன்னான். பேப்பர்ல 9.3னு போட்டிருக்கான். யாருடா பொய் சொல்றது?” என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை அவருக்குப் புரியவைக்க உட்கார்ந்தபோதுதான், கையில் இருக்கும் தமிழ்ச் சொற்கள் எவ்வளவு காலைவாரும் என்று தெரிந்தது. அந்த ஒரே வரியில் மட்டும் இரண்டு தவறுகள்.

நிலநடுக்கத்தைப் பற்றி நாம் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு. பூமிக்கடியில் நடந்தது எவ்வளவு பெரிது என்பது ஒன்று. நான் நிற்கிற இடம் எவ்வளவு ஆடியது என்பது இன்னொன்று. முதலாவதை ஆங்கிலத்தில் மேக்னிடியூட் என்பார்கள். பெரிது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டாவது இன்டென்சிட்டி, அதற்கும் லத்தீன்தான் மூலம், இழுத்து விறைப்பாக்குதல் என்ற பொருள்.

கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் கெட்டித்த மருந்து இவ்வளவு என்பது ஒரே கணக்கு. ஆனால் பக்கத்துத் தெருவில் பரண் பாத்திரம் உருளும், அடுத்த ஊரில் ‘டும்’ என்று மட்டும் கேட்கும், அதற்கும் அப்பால் ஒன்றுமே இருக்காது. மருந்தின் அளவு மேக்னிடியூட். தெருத்தெருவாக மாறுவது இன்டென்சிட்டி.

மருந்தின் கணக்குக்கு 1935-இல் எண் கொடுத்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லஸ் ரிக்டர். அப்போது உடன் இருந்த ஹாரி வுட், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த இன்டென்சிட்டி அளவீட்டோடு இது குழம்பிவிடக் கூடாது, தனிப் பெயர் வேண்டும் என்று வற்புறுத்தினார். வானியலில் ஆர்வம் கொண்ட ரிக்டர், விண்மீன்களுக்குச் சொல்லும் மேக்னிடியூட் என்ற சொல்லை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே தேடிப் பிடித்த சொல் அது. அதைத்தான் நாம் ‘தீவிரம்’ என்று எழுதி, மறுபடியும் அந்தக் குழப்பத்துக்குள்ளேயே தள்ளியிருக்கிறோம்.

‘தீவிரம்’ வடசொல் என்பதால் வேண்டாம் என்பவர்களுக்கு நான் எதிரியில்லை. ஆனால் என் குறை அதுவல்ல. எவ்வளவு கடுமையாக உணரப்பட்டது என்ற பொருள்தான் அந்தச் சொல்லில் நிற்கிறது. காய்ச்சலின் தீவிரம், புயலின் தீவிரம் என்கிறோம். அதை இன்டென்சிட்டிக்கு வைத்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 9.1-க்குப் பக்கத்தில் வைத்தால், நாகப்பட்டினத்திலும் தரை 9.1 அளவுக்கு ஆடியது என்றுதான் கேட்பவர் நினைப்பார். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அங்கே நடந்தது நேர்மாறு. 2004-இல் அன்று காலை 6.29 மணிக்கு சுமத்ராவுக்கு மேற்கே பாறை உடையத் தொடங்கியது. பண்டா ஆச்சேயில் இன்டென்சிட்டி பன்னிரண்டு படிகளில் ஒன்பதாம் படி. நன்றாகக் கட்டிய கட்டடங்களும் சேதமாகும் நிலை. போர்ட் பிளேரில் ஏழு. அதே சுமத்ரா தீவில் இருக்கும் மேடான் நகரில் வெறும் நான்கு. இந்தியப் பெருநிலத்தின் சில பகுதிகளிலும் இலங்கையிலும் மூன்றிலிருந்து ஐந்துக்குள். மூன்று என்றால் லாரி கடந்துபோனது போன்ற ஓர் அசைவு, மாடியில் இருப்பவர் கவனிக்கலாம். ஐந்து என்றால் தூங்குகிறவர் பலர் விழித்துக்கொள்வார்கள், பாத்திரம் சில உடையும். நம் கரையில் உயிரைக் கொண்டுபோனது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கழித்து வந்த தண்ணீர். அது இந்தப் பன்னிரண்டு படிக் கணக்கில் சேர்வதே இல்லை.

இந்தப் படிகள் எப்படி வருகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். யார் விழித்தார்கள், எது உருண்டது, சுவரில் விரிசலா இல்லை சுவரே விழுந்ததா என்று பார்த்து, விசாரித்து மதிப்பிடுவது அது. இத்தாலியரான மெர்க்காலியின் பெயரில் வழங்கும் பட்டியலை 1931-இல் அதே ஹாரி வுட்டும் ஃபிராங்க் நியூமனும் திருத்தினார்கள். ஜப்பானியருடையது வேறு பட்டியல். சுழியத்தில் தொடங்கி ஏழில் முடியும், ஐந்தையும் ஆறையும் கீழ், மேல் என்று பிரித்துக்கொள்வார்கள். ஆகவே ஒரே ஊர், ஒரே ஆட்டம், இரண்டு பட்டியலில் இரண்டு எண். இதற்கும் ரிக்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது ‘செறிவு’க்கு வருகிறேன். இன்டென்சிட்டிக்குச் செறிவு என்று எழுதுபவர்கள் அதிகம். கேட்டால், “ஒளிச்செறிவு என்று பாடநூலிலேயே இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, ஒளிக்கு அது பொருந்தவும் பொருந்தும். இவ்வளவு இடத்தில் இவ்வளவு ஒளி என்று அளந்து சொல்கிற இயற்பியல் கணக்கு அது. செறிதல் என்றால் நெருங்குதல், அடர்தல். செறிந்த காடு என்கிறோம். வேதியியலில் கரைசலுக்கும் செறிவு என்கிறோம், அங்கே ஆங்கிலச் சொல்லே வேறு. பாத்திரம் உருண்டதா என்று வீடு வீடாகக் கேட்டு முடிவு செய்யும் ஒன்றில் எது எங்கே அடர்ந்து கிடக்கிறது? “பண்டா ஆச்சேயில் நிலநடுக்கச் செறிவு ஒன்பது” என்று எழுதினால், அங்கே ஒன்பது நிலநடுக்கம் அடுத்தடுத்து வந்தது போல இருக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லை ஒருமுறை ஒட்டிவிட்டால், அந்த ஆங்கிலச் சொல் எந்தத் துறைக்குள் போனாலும் ஒட்டிய சொல்லும் கூடவே போக வேண்டும் என்கிற பிடிவாதத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எப்போது விடுவார்களோ தெரியவில்லை. கடுங்குளிர், கடுமழை என்று பட்டதைச் சொல்ல நம்மிடம் ‘கடு’ இருக்கிறது. கடுமை போதும்.

மேக்னிடியூட்டுக்கு என் சொல் பருமன். இலங்கைப் பாடநூல்களில் விசைக்குப் பருமனும் திசையும் உண்டு என்று அழகாக எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டில் அது வேதியியலில் கன அளவாகிவிட்டது, மருத்துவமனை விளம்பரத்தில் தொப்பையாகிவிட்டது. “நிலநடுக்கத்துக்கு உடல் பருமனா?” என்று ஒரு நண்பர் சிரித்தார். சிரிக்கட்டும். பருத்தல் என்றால் பெரிதாதல். லத்தீன்காரன் சொன்னதும் அதேதான். ‘அளவு’ என்று மொட்டையாக வைத்தால் அளவு, அளவுகோல், அளவீடு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ‘ரிக்டர் அளவுகோல்’ என்பதைக் கேட்டு, ரிக்டர் என்றொரு கருவி எங்கோ இருப்பதாக நம்புகிறவர்கள் உண்டு. “ரிக்டர் கருவியில் பதிவானது” என்று அச்சிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒரு கருவி இல்லை. ரிக்டர் செய்தது ஒரு கணக்கு. 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வகைப் பதிவுக்கருவியின் கோடு ஒரு மில்லிமீட்டர் ஆடினால் பருமன் 3; பத்து மில்லிமீட்டர் ஆடினால் 4. தெற்குக் கலிபோர்னியாவின் பாறைக்கும் அங்கிருந்த கருவிக்கும் பொருந்துகிற கணக்கு. பெரிய நிலநடுக்கத்தில் அது கைவிடும், ஏனென்றால் அது பிடிப்பது குறுகிய அலைகளை. பாறை எவ்வளவு நீளம் உடைந்தாலும் குறுகிய அலை ஒரு எல்லைக்கு மேல் உயராது. பின்னால் வந்தவர்கள் 20 விநாடிக்கு ஒருமுறை ஆடும் மேற்பரப்பு அலையை எடுத்தார்கள். அதுவும் எட்டைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிடும். 1906 சான் பிரான்சிஸ்கோவுக்கும் 1960 சிலிக்கும் அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒரே எண் வந்தது. உண்மையில் சிலியில் வெளிப்பட்ட ஆற்றல் 200 மடங்குக்கும் மேல்.

அதனால் 1970-களின் இறுதியில் ஹிரூ கனமோரியும் தாமஸ் ஹாங்க்ஸும் வேறு வழி எடுத்தார்கள். உடைந்த பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். (இதை ‘உந்தத்திறன்’ என்று எழுதுகிறார்கள். உந்தம் வேறு, திருப்புத்திறன் வேறு. ஆங்கிலச் சொற்கள் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வந்த வினை.) அதிலிருந்து பருமன்:

```
Mw = (2/3) × log10(M0) − 6.07
```

இதில் M0 என்பது நியூட்டன் மீட்டரில் திருப்புத்திறன். இனி சித்தப்பாவின் கேள்விக்குப் போகலாம். நடுக்கம் தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் சொன்னது 8.0. முதலில் வந்து சேர்ந்த அலைகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. உடைப்பு 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடியவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஒரு மணி நேரத்தில் 8.5. பல மணி நேரம் கழித்து, நீண்ட அலைகளை வைத்து ஹார்வர்டு 8.9 என்றது, பிறகு 9.0. அவர்கள் கண்ட திருப்புத்திறன் 4-க்குப் பின் 22 சுழி. மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் 15.07-இல் 6.07 போக 9.0 வரும். அப்புறம் சேத் ஸ்டெயினும் எமில் ஓக்கலும், பூமி முழுவதும் மணிபோல நாட்கணக்கில் அதிர்ந்ததில் மிக மெதுவான ஆட்டத்தை, அதாவது ஒருமுறை ஆட ஐம்பது நிமிடத்துக்கு மேல் எடுக்கும் ஆட்டத்தை எடுத்துக் கணக்கிட்டார்கள். திருப்புத்திறன் 1-க்குப் பின் 23 சுழி ஆனது. இரண்டரை மடங்கு கூடுதல், ஆனால் பருமனில் ஏறியது 0.3 மட்டும்: 9.3. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் இன்று பட்டியலில் வைத்திருப்பது 9.1. இந்த எண்கள் எதுவும் ரிக்டர் போட்ட கணக்கில் வந்தவை அல்ல. ஆனாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் தமிழில் ரிக்டர் வந்து நிற்கிறார். சும்மா ‘பருமன் 9.1’ என்றால் போதும்.

கடுமையை ரோமன் எண்ணிலும் பருமனைச் சாதாரண எண்ணிலும் எழுதுவது அறிவியலாளர் வழக்கம், கண்ணுக்கு அது உதவும். வாசிக்கிறவர் வாயில் இரண்டும் ‘ஒன்பது’தான். 2004-இன் பருமனும் ஒன்பது, பண்டா ஆச்சேயின் கடுமையும் ஒன்பது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “சரி, அப்ப நம்ம ஊர்க் கடுமை எவ்வளவுன்னு அந்த சேனல்ல ஏன் ஒருத்தனும் சொல்லல?”