பழைய ஸ்ட்ராப்பை அளக்காதீங்க, காதை அளங்க

போன வாரம் ஒரு தம்பி அவருடைய அப்பாவின் சாவி வாட்சை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஆன்லைனில் வாங்கிய புது லெதர் ஸ்ட்ராப் மாட்டியிருந்தது, ஆனால் இரண்டு பக்கமும் சந்து தெரிந்தது, பிடித்து ஆட்டினால் ஸ்ட்ராப், அதை வாட்சோடு பிடித்திருக்கும் கம்பிப் பின்னின் மேல் இப்படியும் அப்படியும் நகர்ந்தது. "பழைய ஸ்ட்ராப்பை ஸ்கேல் வைத்து அளந்துதானே சார் 18 மில்லிமீட்டர் வாங்கினேன்" என்றார்.

தப்பு அங்கேதான். பழைய லெதர் ஓரம் தேய்ந்து சுருங்கியிருக்கும். அதுவும் போக, முன்னால் மாட்டிக் கொடுத்த ஆளே கையில் இருந்த சின்ன சைஸைப் போட்டு அனுப்பியிருக்கலாம் (எங்கள் தொழிலில் இது சகஜம், ஒத்துக்கொள்கிறேன்). சிலர் டயல் அளவைச் சொல்லி ஸ்ட்ராப் கேட்பார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அளக்க வேண்டியது கேஸிலிருந்து நீண்டிருக்கும் இரண்டு காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. காதின் உள்சுவரிலிருந்து எதிர்க்காதின் உள்சுவர் வரை, பின் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் சில வாட்சில் காதின் நுனி கொஞ்சம் விரிந்திருக்கும். ஸ்ட்ராப்பையும் பின்னையும் கழற்றிவிட்டு வெர்னியரின் மேல் தாடையை, அதாவது உள்ளளவு எடுக்கும் சின்னத் தாடையை, உள்ளே விட்டு விரித்தேன். 19 வந்தது. 18 ஸ்ட்ராப் என்றால் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் சந்து. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் கண்ணில் பளிச்சென்று தெரியும்.

அழகு மட்டும் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். ஸ்ட்ராப்போடு வந்த ஸ்பிரிங் பின்னும் 18-க்கானது, அதனால் அதன் முனை காது ஓட்டைக்குள் நுனியளவுதான் போய் உட்காரும், பஸ்ஸில் கம்பியில் மாட்டி ஒரு இழுப்பு வந்தால் வாட்ச் கீழே.

வெர்னியர் வீட்டில் இருக்காது, சரி. கெட்டியான அட்டையை ஒரு பட்டையாக வெட்டி, காதுகளுக்கு நடுவில் வளையாமலும் ஆடாமலும் நிற்கும் வரை ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள், அப்புறம் அதன் அகலத்தை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 20-க்கு ஒரு மயிரிழை முன்னேயோ பின்னேயோ வந்தால் அது 20தான். 19-க்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது 18, 20, 22. 19-ஐயும் 21-ஐயும் தேடித்தான் வாங்க வேண்டும்.

19 கிடைக்கவில்லை என்று 20-ஐ நெருக்கித் திணிப்பவர்கள் உண்டு. மெல்லிய லெதர் என்றால் சமாளிக்கும், தடியான லெதர் சுருங்கி மடிப்பு விழும், உலோகச் செயினில் நடக்கவே நடக்காது. ஸ்ட்ராப்பில் 20/18 என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், முதல் எண் காதுப் பக்கம், அடுத்தது பக்கிள் பக்கம்.

தம்பிக்கு 19 ஸ்ட்ராப்பும் அதற்கேற்ற பின்னும் போட்டுக் கொடுத்தேன். அந்த 18-ஐத் தூக்கிப் போட மனசில்லாமல் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார்.