டேட் நைட் ஏன் மூணாவது வாரமே புட்டுக்குது?

ரெண்டு பேரும் வேலைக்கு போற வீட்ல என்னைக்காவது ஒரு நாள் "வாரத்துல ஒரு சாயங்காலம் நாம ரெண்டு பேர் மட்டும்"னு ஒரு முடிவு எடுப்பாங்க. முதல் வாரம் ஹோட்டல், ரெண்டாவது வாரம் அதே ஹோட்டல் அதே பரோட்டா, மூணாவது வாரம் பிள்ளைக்கு காய்ச்சல், அதோட சரி. கேட்டா நேரம் இல்ல, காசு இல்லம்பாங்க. பொய் இல்லதான், ஆனா நேரமும் காசும் இருக்கிற ஜோடிங்களுக்கும் இது இப்படித்தான் நின்னு போகுது, அதனால காரணம் வேற எங்கயோ இருக்கு.

1993-ல அமெரிக்காவுல ரைஸ்மன், ஆரன், பெர்கன்னு மூணு உளவியல்காரங்க ஒரு சோதனை பண்ணாங்க. கல்யாணமான 53 ஜோடி. முன்னாடியே புருஷன்கிட்டயும் பொண்டாட்டிகிட்டயும் தனித்தனியா ஒரு பெரிய லிஸ்ட்ட கொடுத்து, இதுல உங்களுக்கு எது த்ரில்லா இருக்கும், எது சும்மா இதமா இருக்கும்னு மார்க் போட சொல்லிட்டாங்க. அப்புறம் ஒரு குரூப் வாரம் ஒன்றரை மணி நேரம் த்ரில்லான ஏதாவது பண்ணணும், இன்னொரு குரூப் அதே ஒன்றரை மணி நேரம் இதமான ஏதாவது பண்ணணும், மூணாவது குரூப் ஒண்ணும் பண்ண வேணாம். பத்து வாரம் ஓடுச்சு. கடைசியில கல்யாண வாழ்க்கை எப்படி இருக்குன்னு கேட்டப்போ த்ரில் குரூப்போட திருப்திதான் இதமான குரூப்ப விட அதிகமா இருந்துச்சு. ஏதோ ஒண்ணு பண்ண அந்த ரெண்டு குரூப்பையும் சேர்த்து பார்த்தா, ஒண்ணுமே பண்ணாத குரூப்போட சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. சேர்ந்து நேரம் கழிச்சா போதும்னு நாம நம்புறோம்ல, அது அங்கயே அடி வாங்குது.

ஏழு வருஷம் கழிச்சு, 2000-ல, ஆர்தர் ஆரன் குழு இன்னும் கொஞ்சம் கோமாளித்தனமா ஒண்ணு பண்ணாங்க. ஜோடியோட கையையும் காலையும் சேர்த்து கட்டிவிட்டு, மண்டி போட்டு ஒரு பாய் மேல தவழ்ந்து போகணும், நடுவுல ஒரு தடுப்பு வேற, ரெண்டு பேர் உடம்புக்கும் நடுவுல ஒரு தலகாணிய கை படாம பிடிச்சுக்கிட்டே போகணும். ஏழு நிமிஷ விளையாட்டு, அவ்வளவுதான். இத பண்ணவங்க, ஒரு பந்த மெதுவா உருட்டிக்கிட்டு போற சலிப்பான வேலை பண்ணவங்கள விட, முடிஞ்ச உடனே தங்களோட உறவ பத்தி நல்லவிதமா சொன்னாங்க.

இது எப்படி வேலை செய்யுதுன்னு ஆரன் தர்ற விளக்கம் எனக்கு சரியாவே படுது. புதுசா பழகும்போது தினமும் எதிராளிய பத்தி ஏதாவது ஒண்ணு தெரிய வருது, அவங்க மூலமா நமக்கும் புது பழக்கம், புது ருசி, புது ஊருன்னு நம்ம உலகம் வேகமா பெருசாகுது, அந்த வேகம்தான் அந்த கிறுகிறுப்பு. சில வருஷத்துல ஒருத்தர ஒருத்தர் முழுசா தெரிஞ்சிடுது, வேகம் குறையுது, அத நாம "போர் அடிக்குது"ங்கிறோம். ரெண்டு பேருக்குமே தெரியாத ஒண்ண சேர்ந்து செய்யும்போது மறுபடி கொஞ்சம் பெருசாகுது, அந்த சந்தோஷம் பக்கத்துல நிக்கிற ஆள் மேல ஒட்டிக்குது. அதனால செலவு முக்கியமே இல்ல, ரெண்டு பேருக்கும் புதுசா இருக்கணும், அதான் விஷயம். ஒருத்தர் எக்ஸ்பர்ட்டா நின்னு மத்தவருக்கு கிளாஸ் எடுத்தா அது டியூஷன், டேட் இல்ல.

அடுத்த சிக்கல் காலண்டர். செலின் மால்கோச், கேப்ரியலா டோனியெட்டோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2016-ல காட்டினது என்னன்னா, பொழுதுபோக்க இத்தனை மணிக்குன்னு ஷெட்யூல் போட்டா அது வேலை மாதிரி தோண ஆரம்பிச்சிடுது. பரீட்சை சமயத்துல காலேஜ் பசங்களுக்கு இலவச காபி, பிஸ்கட். ஒரு பாதிக்கு குறிப்பிட்ட நேரத்துக்கு வா, இன்னொரு பாதிக்கு இந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள எப்ப வேணா வா. ரெண்டாவது கூட்டம்தான் ஜாலியா அனுபவிச்சாங்க. (இது ஜோடிங்கள வெச்சு பண்ண சோதனை இல்லங்கிறத மனசுல வெச்சுக்கணும்.) ஆனா நாளே குறிக்கலன்னா எதுவும் நடக்காது, அதுவும் தெரிஞ்சதுதான். அதுக்கு பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் ரொம்ப காலமா சொல்லிட்டு வர்ற ஒரு வழி இருக்கு, "செய்யணும்"னு விடாம "இது நடந்தா உடனே இத செய்வோம்"னு ஒரு நிகழ்ச்சியோட கட்டிவிடுறது.

இப்ப ஒரு கற்பனை ஜோடிய வெச்சு பார்ப்போம். அம்பத்தூர், அவருக்கு ஃபேக்டரியில வாரா வாரம் மாறுற ஷிஃப்ட், அவங்க ஸ்கூல் டீச்சர், ஆறு வயசு பொண்ணு, கைய கடிக்காம இருக்க வாரம் 200 ரூபாய்தான் ஒதுக்க முடியும். இவங்களுக்கு "ஒவ்வொரு வெள்ளியும்" செட் ஆகவே ஆகாது, நைட் ஷிஃப்ட் வந்தா காலி. அதனால இவங்க கட்ட வேண்டியது ஷிஃப்ட் சார்ட்டோட. சார்ட் வாட்ஸ்அப்ல வந்த அன்னைக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பேச்சு: "ஏங்க, வியாழக்கிழமை பாப்பாவ மேல் வீட்ல விட்டுட்டு ஏழு மணிக்கு மேல?" "சரிம்மா, இந்த தடவ என்னன்னு நீயே சொல்லு." நாள் முடிவாயிடுச்சு, நேரம் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. அடுத்த வாரம் மேல் வீட்டு ஜோடியோட பிள்ளைய இவங்க பார்த்துக்கிறாங்க, ஆயா செலவு கிடையாது.

அன்னைக்கு டிரெய்ன் பிடிச்சு சென்ட்ரல், டிக்கெட் ஆளுக்கு 10 ரூபாய தாண்டாது. அங்கேர்ந்து சவுகார்பேட்டை. ஆளுக்கு 70 ரூபாய், மத்தவர் இதுவரை வாயில வெக்காத ஒண்ண தேடி வாங்கி கொடுக்கணும், அதான் ஆட்டம். முறுக்கு சாண்ட்விச் ஒருத்தருக்கு பிடிச்சு இன்னொருத்தர் மூஞ்ச சுளிச்சாலும் நஷ்டமில்ல, பேச ஒண்ணு கிடைச்சிடுச்சு. வெளிய போகவே முடியாத வாரத்துல பொண்ணு தூங்கின பிறகு மொட்டமாடி, போன்ல இலவச நட்சத்திர ஆப் ஒண்ணு, ஜனவரின்னா ஓரியன்ங்கிற நட்சத்திர கூட்டத்த கண்டுபிடிக்கலாம், அம்பத்தூர் வெளிச்சத்துலயும் அது தெரியும். அதே சவுகார்பேட்டைக்கு அஞ்சு தடவ போனா அதுவும் பரோட்டா கதைதான்.

எப்ப கோளாறு ஆகுதுன்னு கண்டுபிடிக்கிறது சுலபம். கிளம்பின பத்தாவது நிமிஷம் ஸ்கூல் ஃபீஸ், ஈஎம்ஐ, மாமியாருக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்னு பேச்சு போகுதுன்னா வாரம் முழுக்க அந்த பேச்சுக்கு இடமே இல்லாம இருந்திருக்குன்னு அர்த்தம், அதுக்கு முந்தின நாளே தனியா கால் மணி நேரம் உக்காந்து முடிச்சிடணும். பிளான் பண்றது எப்பவும் அவங்களே, வர்றது மட்டும் அவருன்னா சீக்கிரமே அது அவங்களுக்கு இன்னொரு வீட்டு வேலை, அதனால முறை வெச்சு மாத்தணும். கேன்சல் ஆகத்தான் செய்யும், ஆனா கேன்சல் பண்றவரே அடுத்த நாளயும் சொல்லிட்டுதான் கேன்சல் பண்ணணும்.

கைக்குழந்தை வெச்சு ராத்திரியெல்லாம் கண் முழிக்கிறவங்களுக்கு இதெல்லாம் இப்ப வேணாம், அந்த ஒன்றரை மணி நேரம் தூங்குறதுதான் நல்லது. வீட்ல பேசி தீர்க்காத பெரிய சண்டை இருந்தாலும் புது முறுக்கு சாண்ட்விச் அத தீர்க்காது. இங்க சொன்னதெல்லாம் ஓரளவு நல்லா போய்க்கிட்டு, சலிப்பு மட்டும் தட்டுன ஜோடிங்களுக்குத்தான்.