சிவப்பா நீலமா, கைக்குத் தெரியுமா?

ஒரே அளவில் இரண்டு பிளாஸ்டிக் பந்துகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நான்கு வயதுக் குழந்தையிடம் இரண்டையும் காட்டிவிட்டு, அது பார்க்காத நேரத்தில் ஒன்றை மட்டும் மூடிய பெட்டிக்குள் போடுங்கள். "உள்ள இருக்கறது எந்தப் பந்து? கைய விட்டுப் பாத்துச் சொல்லு கண்ணு" என்று கேட்டால், நிறையக் குழந்தைகள் தடவிப் பார்த்துவிட்டுத் தயங்காமல் "சிவப்பு" என்பார்கள். விளையாட்டுக்காகச் சொல்வதில்லை. தொட்டால் நிறம் தெரியாது என்பது அந்த வயதில் இன்னும் முழுதாகப் பிடிபட்டிருக்காது. டேனியலா ஓநீல், ஜேனட் ஆஸ்டிங்டன், ஜான் ஃப்ளேவல் மூவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. நிறம் தெரிய பார்க்க வேண்டும், மெத்தென்று இருக்கிறதா என்று தெரிய தொட வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்ல மூன்று வயதுக் குழந்தைகள் திணறினார்கள். ஐந்து வயதுக்காரர்களுக்கு அது வந்துவிட்டிருந்தது. நான்கு வயது இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

அதனால் ஐம்புலன் பாடத்தை "கண்ணால் பார்ப்போம், காதால் கேட்போம்" என்று பாட வைப்பதோடு முடித்தால், குழந்தைக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்லிக்கொடுத்ததாக ஆகும். எந்தப் புலன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுதான் அவர்களுக்குப் புதிது. மர்மப் பெட்டியை வைத்து இதைக் கற்றுக்கொடுக்கலாம்.

பெட்டி செய்ய மளிகைக் கடை அட்டைப்பெட்டி போதும். முன்பக்கம் குழந்தையின் கை தாராளமாகப் போகும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள் போட்டு, பழைய சாக்ஸின் பாதப் பகுதியை வெட்டிவிட்டு மேல்பகுதியை ஓட்டைக்குள் ஒட்டினால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. பின்பக்கத்தை மூடவே கூடாது. எதிரே உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகள் பொருளைப் பார்க்க, கைவிட்ட குழந்தை மட்டும் பார்க்காமல் தொடும். ஒரே பொருளைச் சிலர் கண்ணாலும் ஒருவர் கையாலும் அறிவதால், "அவங்களுக்குக் கலர் தெரியுது, உனக்கு ஏன் தெரியல?" என்ற கேள்வி தானாக எழும். முதல் நாள் காலிப் பெட்டியை எல்லோருக்கும் திறந்து காட்டிவிடுங்கள். இருட்டுக்குள் கைவிடப் பயப்படும் குழந்தையைக் கட்டாயப்படுத்தினால், அடுத்த வாரமும் அது பெட்டிப் பக்கம் வராது.

உள்ளே வைக்க என் முதல் தேர்வு இரண்டு டம்ளர்கள்: ஒரே உயரத்தில் ஒரு ஸ்டீல், ஒரு பிளாஸ்டிக். சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஓர் அங்கன்வாடியில் ஒரு சிறுமி இவற்றைத் தொட்டதைக் கூர்ந்து கவனித்தேன். முதலில் விரல்களால் மூடிப் பிடித்தாள். பிறகு விளிம்பைச் சுற்றி ஆள்காட்டி விரலை ஓட்டினாள். அப்புறம் உள்ளங்கையை டம்ளர் மேல் பதித்து அசையாமல் வைத்திருந்தாள். "இது சில்லுனு இருக்கு டீச்சர், இதுதான் ஸ்டீலு." அவள் கை செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சூசன் லெடர்மனும் ராபர்ட்டா கிளாட்ஸ்கியும் 1987-இல் இதை வகைப்படுத்தினார்கள். வழவழப்பா சொரசொரப்பா என்று அறிய விரல் பக்கவாட்டில் தேய்க்கும், கெட்டியா என்று அறிய அழுத்தும், எடையை அறியத் தூக்கிப் பார்க்கும், சூட்டை அறிய அசையாமல் பதியும். அதனால் "என்ன பொருள்?" என்று மட்டும் கேட்காமல் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டு, கை செய்ததைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு டம்ளரும் ஒரே அறையில்தான் இருந்தன, வெப்பநிலையும் ஒன்றுதான். கைத்தோல் ஏறக்குறைய 32, 33 டிகிரியில் இருக்கிறது. அறை அதைவிடக் குளிராக இருக்கும்போது, ஸ்டீல் கையின் சூட்டை வேகமாக உறிஞ்சுகிறது, பிளாஸ்டிக் மெதுவாக. அந்த வேகத்தைத்தான் நாம் "சில்" என்கிறோம். ஏற்காட்டில் இந்தப் பாடம் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். சேலத்தில் ஏப்ரல் மதியத்தில் காலை வாரிவிடும். அறை 33 டிகிரியைத் தொட்டால் இரண்டு டம்ளருக்கும் வித்தியாசமே தெரியாது, 38 ஆனால் ஸ்டீல்தான் சூடாகத் தோன்றும். குழந்தை தப்பாகச் சொல்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. வெயில் காலத்தில் காலையிலேயே நடத்துங்கள், அல்லது இரண்டு டம்ளரையும் கொஞ்ச நேரம் பானைத் தண்ணீரில் போட்டுத் துடைத்து வையுங்கள்.

மூக்குக்கான மேசையில் பேர் சொல்லச் சொன்னால் பாடம் நின்றுவிடும். வாசனை தெரிந்தும் அதன் பேர் வாயில் வராமல் போவது பெரியவர்களுக்கே நடப்பதுதான். அதனால் ஜோடி சேர்க்கச் சொல்வதே நல்லது. ஒரே மாதிரி ஆறு டப்பாக்கள் எடுத்து, வறுத்த காப்பித்தூள் இரண்டில், கசக்கிய கறிவேப்பிலை இரண்டில், ஆரஞ்சுத் தோல் இரண்டில் வையுங்கள். தூளை மெல்லிய துணியில் முடிந்து வைத்தால் மூக்குக்குள் பறக்காது. டப்பாவின் வாயையும் துணியால் கட்டிவிட்டு, கையால் விசிறி முகரப் பழக்குங்கள். மூன்று வாசனைக்கு மேல் வேண்டாம். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும், குழந்தையும் "ஒண்ணும் வரல" என்று நகர்ந்துவிடும். ஜன்னல் பக்கம் போய் வெறும் காற்றை இழுத்துவிட்டு வந்தால் போதும். சளி பிடித்த பிள்ளையை அன்றைக்கு வேறு மேசைக்கு அனுப்புங்கள்.

கற்பூரம், அந்துருண்டை, ஏற்காட்டுக் கடைகளில் விற்கும் தைல வகைகள் எதுவும் இந்த மேசைக்கு வரவே கூடாது. "நல்லா மணக்குமே" என்று கற்பூரத்தை வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்வைக்குக் கற்கண்டு மாதிரி இருக்கும் அதை ஒரு சிறு துண்டு விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். நீலகிரித் தைலமும் வயிற்றுக்குள் போனால் ஆபத்துதான். பாடத்துக்கும் இவை உதவாது. கற்பூரம் தரும் அந்தச் சுருக்கென்ற குளிர்ச்சி முகத்தின் தொடு நரம்பு வழியாக வருவது, அதனால் குழந்தை முகர்ந்து சொல்கிறதா உணர்ந்து சொல்கிறதா என்று நமக்கே தெரியாமல் போகும். மிளகாய்த்தூளுக்கும் இதே கதைதான். முகர்ந்ததை வாயில் போடக் கூடாது என்று பழக்கும் அதே நாளில் "நாக்கால் சுவைத்துப் பார்" என்று சொன்னால் குழந்தை குழம்பிவிடும். சுவையை வேறொரு நாள் சாப்பாட்டு வேளையில் வைத்துக்கொள்ளலாம்.

காது மேசையிலும் ஜோடி சேர்ப்பதுதான் வேலை. சேலத்தில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. ஜவ்வரிசி, ரவை, கூழாங்கல் மூன்றையும் ஒரே மாதிரி டப்பாக்களில் ஒரே அளவு போடுங்கள். டப்பா மாறினால் சத்தமும் மாறி, குழந்தை டப்பாவை வைத்துக் கண்டுபிடித்துவிடும். மூடியை ஒட்டி, மேலே டேப் சுற்றி, ஒருமுறை கீழே போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். ஜவ்வரிசியை மூக்கில் திணித்துக்கொள்வது இந்த வயதில் நடக்கும், ஈரம் பட்டால் அது ஊதிவிடும். டப்பாவைக் காதோடு ஒட்டி ஆட்டவிடாமல் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். விசில் வேண்டாம். பட்டன் பேட்டரி போட்ட பொம்மையும் வேண்டாம், விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

கூழாங்கல் கடகடக்கும், ஜவ்வரிசி சலசலக்கும், ரவை லேசாக உஸ்ஸென்று மட்டும் கேட்கும். மற்ற இரண்டையும் சரியாகச் சேர்த்துவிட்டு ரவையில் மட்டும் திரும்பத் திரும்ப விழிக்கும் பிள்ளையைக் குறித்து வையுங்கள். சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் மெல்லிய சத்தம் நழுவும். இரண்டு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் அம்மாவிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். அங்கன்வாடியாக இருந்தால், பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவிடமும் அந்தப் பேரைக் கொடுங்கள்.