சிப்புக்குள் ஒரு சென்டிமீட்டர்

கண்ணாடி போன்ற சிலிக்கான் டை ஆக்சைடுக்குள் ஒளி 10 மில்லிமீட்டர் தூரத்தைக் கடக்கச் சுமார் 49 பைக்கோசெகண்ட் போதும். அதே பொருளால் சூழப்பட்ட மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு 0-வை 1 ஆக மாற்றி அனுப்பினால், மறுமுனையில் அது தெரிய ஏறத்தாழ 7600 பைக்கோசெகண்ட் ஆகிவிடும். சிப் 2 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றால் ஒரு கிளாக் துடிப்பு 500 பைக்கோசெகண்ட். அதாவது ஒரு பிட் சிப்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போவதற்குள் 15 துடிப்புகள் கடந்திருக்கும்.

கம்பிக்கு மின்தடை உண்டு. பக்கத்துக் கம்பிகளோடும் மேலும் கீழும் உள்ள அடுக்குகளோடும் சேர்ந்து அதற்கு மின்தேக்குத் திறனும் உண்டு. மறுமுனையின் மின்னழுத்தம் உயர வேண்டுமென்றால் கம்பி முழுவதையும் மின்னூட்டி நிரப்பியாக வேண்டும். காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் விடும்போது தலைப்பகுதி மண் குடித்த பிறகே கடைமடைக்குத் தண்ணீர் எட்டும் அல்லவா, அதே கதைதான்.

தாமதத்தைக் கணக்கிட எளிய சூத்திரம்: 0.38 × R × C. இதில் R கம்பியின் தடை, C அதன் தேக்குத் திறன். ஒரு மில்லிமீட்டருக்கு 1 கிலோ ஓம் தடை, 0.2 பைக்கோஃபாரட் தேக்குத் திறன் என்று வைத்துக்கொள்வோம். நடு அடுக்குக் கம்பிகளுக்கு இவை நியாயமான எண்கள். 1 மில்லிமீட்டருக்குத் தாமதம் 76 பைக்கோசெகண்ட். நீளம் பத்து மடங்கானால் R பத்து மடங்கு, C-யும் பத்து மடங்கு. தாமதம் நூறு மடங்கு. அப்படித்தான் 7600 வருகிறது.

தொழில்நுட்பம் சுருங்கச் சுருங்க இது மோசமாகிறது. கம்பியின் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால், அதே நீளத்துக்குத் தடை நான்கு மடங்காகும். கம்பிகளுக்கு இடையிலான தூரமும் சேர்ந்து குறைவதால் தேக்குத் திறன் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 1997-இல் ஐபிஎம் அலுமினியத்தை விட்டுச் செம்புக்கு மாறுவதாக அறிவித்தது. அதில் தடை குறைந்தது உண்மைதான். ஆனால் செம்பில் ஓர் எலக்ட்ரான் மோதாமல் ஓடும் சராசரித் தூரமே சுமார் 40 நானோமீட்டர். கம்பி அதைவிட ஒல்லியானால் எலக்ட்ரான்கள் சுவர்களில் மோதிச் சிதறும். தடை மறுபடி ஏறும்.

நீளத்தின் வர்க்கம்தான் வில்லன் என்பதால், நீளத்தை வெட்டுவதே மருந்து. நடுநடுவே இன்வெர்ட்டர்களை வைத்தால், ஒவ்வொன்றும் வந்து சேர்ந்த மங்கலான சிக்னலைப் பார்த்து அடுத்த துண்டைப் புதிதாக ஓட்டும். இவைதான் ரிப்பீட்டர்கள். இன்வெர்ட்டர் 0-வை 1 ஆகப் புரட்டுவதால் எண்ணிக்கையை இரட்டைப்படையில் வைப்பது வசதி. ரிப்பீட்டரும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். 250 ஓம் தடையுள்ள ரிப்பீட்டர் என்று எடுத்துக்கொண்டு மேலே உள்ள கம்பிக்கே கணக்குப் போட்டேன். 10 வைத்தால் மொத்தத் தாமதம் சுமார் 1300 பைக்கோசெகண்ட். 20 வைத்தால் 1000. 40 வைத்தால் 950. 80 வைத்தால் 1100-ஐத் தாண்டிவிடுகிறது. கம்பியில் மிச்சப்படுவதை ரிப்பீட்டர்களே தின்றுவிடுகின்றன.

நான் 20-இல் நிறுத்துவேன். மிச்சமாகும் அந்த 50 பைக்கோசெகண்டுக்காக ரிப்பீட்டர்களை இரட்டிப்பாக்கி மின்சாரத்தைச் செலவழிப்பது தகாது. இடமும் ஒரு பிரச்சினை: ரிப்பீட்டருக்காக ஒவ்வொரு முறையும் சிக்னல் மேல் அடுக்கிலிருந்து சிலிக்கான் வரை இறங்கி ஏற வேண்டும். கம்பி கேஷ் நினைவகத்தின் மேலே போனால் கீழே ரிப்பீட்டர் வைக்க இடமே இருக்காது. அந்தத் துண்டு நீண்டுவிடும். டைமிங் ரிப்போர்ட்டில் அதன் கடைசி முனையில் சிக்னல் 0-விலிருந்து 1-க்கு ஏற எடுக்கும் நேரமான ஸ்லூ மட்டும் தனியாக உயர்ந்து நிற்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, 1000 பைக்கோசெகண்ட் என்பது இரண்டு துடிப்புகள்தானே? துடிப்புக்கு ஒருமுறை பிட்டைப் பிடித்துவைக்கும் ஃபிளிப்ஃபிளாப்புக்கும் தன் நேரம் வேண்டும் என்பதால் இரண்டில் அடங்காது. கம்பியை மூன்று துண்டாக்கி, இடையில் இரண்டு ஃபிளிப்ஃபிளாப்கள் வைக்க வேண்டும். இதுதான் பைப்லைன் செய்த கம்பி. ஒரு பிட் போய்ச் சேர மூன்று துடிப்புகள் ஆனாலும், துடிப்புக்கு ஒரு புதிய பிட்டை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். 2000-இல் வந்த இன்டெல் பென்டியம் 4-இன் 20 கட்டப் பைப்லைனில் 'டிரைவ்' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. அவற்றில் எந்தக் கணக்கும் நடக்கவில்லை. சிக்னல் சிப்பின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதற்கென்றே ஒதுக்கப்பட்ட நேரம் அது.

இதைச் செய்யும்போது பலரும் மறப்பது எதிர்த்திசைச் சிக்னலை. பெறுபவர் 'நிறுத்து' என்று சொன்னால் அதுவும் மூன்று துடிப்புகள் பயணித்துத்தான் அனுப்புபவரை எட்டும். அதற்குள் மூன்று தரவுகள் புதிதாகக் கிளம்பியிருக்கும்; ஏற்கெனவே கம்பியில் மூன்று இருக்கும். ஆகவே பெறும் முனையில் ஆறு தரவுகளைத் தாங்கும் வரிசை இருக்க வேண்டும். ஐந்துக்கு மட்டும் இடம் விட்டால், சாதாரணச் சோதனைகளில் எல்லாம் சரியாக ஓடும். முழு வேகத்தில் தரவு வரும்போது பெறுபவர் நிறுத்திய அந்தத் தருணத்தில் மட்டும் ஒரு தரவு காணாமல் போகும்.