வித்ததுல பத்து சதவீதமா? கொஞ்சம் நில்லுங்க அண்ணாச்சி

இந்த மாதமும் ஒருவர் அதே கணக்கோடு வந்தார். அம்பாசமுத்திரத்தில் ரெடிமேட் கடை, மாதம் 6 லட்சம் ரூபாய் விற்பனை. "வித்ததுல பத்து சதவீதம் விளம்பரத்துக்குப் போடணும்னு வீடியோவுல சொன்னான் தம்பி. 60,000 வச்சிருக்கேன், பிரிச்சுக் குடுங்க" என்றார். விளம்பரம் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன் நான். பேசாமல் வாங்கிப் போட்டிருக்கலாம்.

கல்லாவில் விழுவதெல்லாம் உங்கள் பணமில்லை, அண்ணாச்சி. இவருக்கு 100 ரூபாய் விற்றால் 25 ரூபாய் நிற்கும். மீதி சரக்கு போட்டவருக்கு. ஆக, மாதம் ஒன்றரை லட்சம். வாடகை, சம்பளம், கரண்ட், வட்டி போக மிஞ்சுவது 35,000. வீட்டுச் செலவும் அதற்குள்தான். இதில் 60,000 எங்கிருந்து வரும்? கேட்டால், "யாவாரம் கூடும்லா" என்கிறார்கள். சரி, கூடட்டும். போட்ட 60,000-ஐத் திரும்ப எடுக்க மட்டும் 2,40,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். எப்போதும் வருகிறவர் வாங்கியதை அதில் சேர்க்கக் கூடாது. 8 சதவீதம் நிற்கிற மளிகைக்காரர் இப்படிப் பத்து சதவீதம் போட்டால், ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் கையிலிருந்து 2 ரூபாய் வைக்க வேண்டும்.

இவருக்கு 12,000 போதும் என்றேன். மொத்தமும் வீணானாலும் கடை ஆடாது. அதை மீட்க 48,000 விற்க வேண்டும். பில் சராசரி 800 என்றால் 60 புது பில்.

அடுத்து, "ஃப்ளெக்ஸ், லோக்கல் சேனல், நோட்டீஸ், ஆட்டோ மைக், ஃபேஸ்புக், இன்ஸ்டா எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்" என்றார். கோயில் சுண்டலா இது? ஆளுக்கு 2,000 கொடுத்தால் எதுவும் ஒருவர் கண்ணில் இரண்டாம் தடவை படாது; எது ஆளைக் கூட்டி வந்தது என்றும் தெரியாது. இரண்டோடு நிறுத்தினோம். இன்ஸ்டாவுக்கு 8,000, பேப்பரில் வைக்கிற நோட்டீஸுக்கு 4,000. இன்ஸ்டா தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம். விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது திரும்ப வராது. காசு கட்டிப் பதிவைப் பரப்பும் பூஸ்ட் பட்டனை அப்படியே அமுக்காதீர்கள். அம்பை, கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் என்று ஊரைக் குறியுங்கள். சென்னைக்காரர் போடும் லைக்கை வைத்து இங்கே சட்டை விற்க முடியாது.

நோட்டீஸில் வெட்டிக் கொண்டுவர 50 ரூபாய் கூப்பன். மற்றவர்களிடம் பில் போடும்போதே "எதப் பாத்து வந்தீங்க?" என்று கேட்டு பில்லின் பின்னால் எழுதச் சொன்னேன். முதல் மாதம் கூப்பனில் 34 பேர், இன்ஸ்டா பார்த்து 11 பேர். கூப்பன் தள்ளுபடி 1,700-ஐயும் நோட்டீஸ் செலவில் சேர்த்தால் ஓர் ஆளுக்குச் சுமார் 168 ரூபாய். இன்ஸ்டாவில் ஓர் ஆளுக்கு 727. 800 ரூபாய் பில்லில் நிற்பதே 200தான் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த மாதம் இன்ஸ்டாவை 3,000-க்கு இறக்கி, நோட்டீஸை கல்லிடைக்குறிச்சிப் பக்கமும் போடச் சொன்னேன். அந்த 12,000-இல் மிச்சமாவதைத் தொடவே கூடாது, அது தீபாவளிக்கு. தயவுசெய்து கவுண்டர் பையனை மட்டும் எழுத மறக்க விடாதீர்கள்.